பனியன் கம்பெனிப் பஞ்சும் மெதுவாக ஏறும் சார்ஜும்: போர்ட்டைக் கெடுக்காமல் சுத்தம் செய்யும் வழி

திருப்பூர், பல்லடம், சோமனூர் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கிறீர்களா? வந்த சில மாதங்களில் போனில் சார்ஜ் ஏறுவது மெதுவானால், பேட்டரி மாற்றக் கிளம்பும் முன் சார்ஜர் குத்தும் ஓட்டைக்குள் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கே காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. நிட்டிங் மெஷின் ஓடும் இடத்தில் சட்டைப் பை, தலைமுடி, டிபன் பை என்று எல்லாவற்றிலும் அது படிகிறது, போனின் அடியில் இருக்கும் ஓட்டையிலும்தான்.

என் சித்தி மகன் நிட்டிங்கில் வேலை செய்கிறான். அவன் போனை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கடை கடையாக அலைந்தோம். ஒரு கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், இன்னொரு கடையில் போர்டு என்றார்கள். நடுவில் இரண்டு கேபிள் வாங்கியாகிவிட்டது. கடைசியில் ஒரு சின்னக் கடைக்காரர், "ஏனுங்க, பேட்டரி நல்லாத்தானுங்க இருக்குது, உள்ள பஞ்சு அடஞ்சு கெடக்குது பாருங்க" என்று சொல்லி, இறுகிப் போன சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் குச்சியால் எடுத்துக் காட்டினார். அதற்கப்புறம் சார்ஜ் பழையபடி ஏறியது. அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தும் கேட்டும், பிறகு அறையில் உள்ளவர்களின் போன்களில் செய்தும் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இப்போது பரவலாக இருக்கும் டைப்-சி போர்ட்டைத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். பழைய ஐபோனுக்கும் மைக்ரோ யூஎஸ்பிக்கும் என்ன வித்தியாசம் என்பது நடுவில் வரும்.

1. முதலில் காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

பஞ்சு அடைத்தால் சார்ஜ் மொத்தமாக நின்றுவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது மெதுவாக மட்டுமே ஆகும். "கொஞ்சமாவது ஏறுதே, அப்போ போர்ட் நல்லாத்தான் இருக்கு" என்ற முடிவுக்கு ஆட்கள் வருவது இதனால்தான்.

டைப்-சி போர்ட்டின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அதன் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு 12 என மொத்தம் 24 பின்கள். எல்லாப் பின்களும் ஒரே நீளத்தில் இல்லை. மின்சாரம் கொண்டுவரும் பின்களும் கிரவுண்ட் பின்களும் கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும், கேபிளைச் செருகும்போது அவைதான் முதலில் தொடும். சார்ஜரும் போனும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் பின்கள் உள்ளே தள்ளி இருக்கின்றன. கேபிள் முழுதாக உள்ளே போனால்தான் அவை தொடும்.

பஞ்சு ஓட்டையின் அடியில் சேர்கிறது. கேபிளை ஒவ்வொரு முறை குத்தும்போதும் அது இன்னும் இறுகுகிறது. ஒரு கட்டத்தில் கேபிள் ஒரு மில்லிமீட்டர் வெளியிலேயே நின்றுவிடும். அப்போது மின்சாரப் பின் தொட்டிருக்கும், பேசும் பின் தொட்டிருக்காது. எவ்வளவு வேகத்தில் கொடுக்கலாம் என்று சார்ஜருக்குத் தெரியாததால், அது அடிப்படையான 5 வோல்ட்டோடு நின்றுவிடும். போனும் பயந்து பயந்து அரை ஆம்பியர் அளவுக்குத்தான் எடுக்கும்.

கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். அவன் போனில் 5000 எம்ஏஎச் பேட்டரி, கூட வந்தது 33 வாட் சார்ஜர். அந்தப் பேட்டரி நிறைய சுமார் 19 வாட்-மணி வேண்டும். 5 வோல்ட், அரை ஆம்பியர் என்றால் இரண்டரை வாட்தான். வழியில் வீணாவதையும் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குப் பத்து சதவீதம் ஏறினாலே பெரிது. ராத்திரி முழுக்கப் போட்டுவைத்தும் காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது நிறையாமல் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

2. பஞ்சுதானா என்று உறுதி செய்யுங்கள்

இதற்குப் பத்து நிமிடம் போதும், செலவு ஒன்றுமில்லை. இதைச் செய்யாமல் குச்சியைக் கையில் எடுக்காதீர்கள்.

போனின் பின் கவரைக் கழற்றிவிட்டுக் கேபிளைக் குத்துங்கள். தடித்த கவரே கேபிளை முழுதாகப் போகவிடாமல் தடுப்பதும் உண்டு. கவர் இல்லாதபோது சரியாக ஏறினால் வேலை அங்கேயே முடிந்தது.

அடுத்து, அதே சார்ஜரையும் கேபிளையும் வேறொருவர் போனில் போட்டுப் பாருங்கள். அங்கே வேகமாக ஏறினால் கேபிளில் குறையில்லை. ஆனால் ஒரு கம்பெனியின் வேகச் சார்ஜர் இன்னொரு கம்பெனிப் போனில் பல நேரம் முழு வேகம் காட்டாது. அதனால் உங்கள் போன் மாதிரியே உள்ள போன் கிடைத்தால் நல்லது.

பிறகு கேபிளைக் குத்திக் கவனியுங்கள். நல்ல போர்ட்டில் கடைசியில் 'டிக்' என்று ஒரு பிடிப்பு தெரியும், போனைத் தூக்கினால் கேபிளும் கூடவே தொங்கும். பஞ்சு இருந்தால் அந்த டிக் வராது. லேசாக ஆட்டினாலே சார்ஜ் போய்ப் போய் வரும். பக்கவாட்டில் பார்த்தால், கேபிளின் பிளாஸ்டிக்குக்கும் போனுக்கும் நடுவில் வெள்ளி நிறத் தகடு கொஞ்சம் வெளியே தெரியும். நல்ல போர்ட்டில் அது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு உள்ளே போய்விடும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. இரண்டு முனையும் டைப்-சி ஆக இருக்கும் கேபிளில் சார்ஜே ஏறாமல், ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக இருக்கும் கேபிளில் மட்டும் மெதுவாக ஏறினால், பேசும் பின் தொடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். டைப்-சி ஓட்டை உள்ள சார்ஜர், அந்தப் பின் தொட்டு அடையாளம் தெரியாத வரை மின்சாரத்தையே திறந்துவிடாது.

கடைசியாக, வேறொரு போனின் டார்ச்சை ஓட்டைக்கு நேராக அடித்துப் பாருங்கள். சுத்தமான போர்ட்டின் அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தட்டையாக, ஓரம் கூர்மையாகத் தெரியும். பஞ்சு இருந்தால் அடி சாம்பலாக, ஓரமே தெரியாமல் மொழுமொழுவென்று இருக்கும். இறுகிய பஞ்சு பிளாஸ்டிக் போலவே தெரியும், ஏமாந்துவிடாதீர்கள்.

80 சதவீதத்துக்கு மேல் போன் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சூட்டிலும் குறைக்கும். அயர்ன் டேபிள் பக்கத்திலோ, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழோ சார்ஜ் போட்டால் சுத்தமான போர்ட்டிலும் மெதுவாகத்தான் ஏறும். சோதனையை 20-லிருந்து 50 சதவீதத்துக்குள், நிழலில் வைத்துச் செய்யுங்கள்.

3. தொடும் முன் காகிதத்தைப் பாருங்கள்

போன் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை என்றால் பில்லைத் தேடி எடுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் போனுக்கு ஒரு வருடம் வாரண்டி கொடுக்கின்றன. கூட வரும் சார்ஜருக்கும் கேபிளுக்கும் பல கம்பெனிகள் ஆறு மாதம்தான் கொடுக்கும். ஊரில் வாங்கிய போனாக இருந்து பில் ஊரிலேயே கிடந்தால், வீட்டில் சொல்லி அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கியிருந்தால் அந்த ஆப்பிலேயே பில்லை இறக்கிக்கொள்ளலாம்.

உலர்ந்த குச்சியால் பஞ்சு எடுப்பதால் வாரண்டிக்கு ஆபத்தில்லை. பின் வளைந்தாலோ உள்ளே ஈரம் போன அடையாளம் இருந்தாலோதான் வாரண்டியில் எடுக்க மாட்டார்கள். பல போன்களில் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணீர் பட்டால் சிவக்கும். சர்வீஸ் சென்டரில் முதலில் பார்ப்பது அதைத்தான். வாரண்டி இருக்கிறது, கையும் நடுங்கும் என்றால் சர்வீஸ் சென்டருக்கே போய்விடுங்கள்.

4. செய்யக் கூடாதவை

படிகளை விட இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும். நான் பார்த்து உடைந்த போர்ட்டுகள் பஞ்சினால் உடையவில்லை, பஞ்சை எடுக்கப் போய் உடைந்தவை.

கம்பெனியில் இருக்கும் ஏர் கன் வேண்டவே வேண்டாம். மெஷினை ஊதிச் சுத்தம் செய்யும் அதே காற்றைப் போனுக்கும் அடிப்பது இங்கே தினமும் நடக்கிறது. கம்பிரசர் லைனில் வரும் காற்று காய்ந்த காற்று இல்லை. அதில் தண்ணீர்த் துளியும் எண்ணெயும் கலந்திருக்கும். போர்ட்டின் அடியில் இறுகிய பஞ்சை அந்தக் காற்று எடுப்பதில்லை, ஓரத்தில் இருக்கும் தளர்ந்த பஞ்சை மட்டும் பறக்கவிட்டு எண்ணெயையும் ஈரத்தையும் உள்ளே விட்டுவிடும். பக்கத்தில் இருக்கும் மைக் ஓட்டைக்கும் ஸ்பீக்கர் வலைக்கும் அடி விழுந்தால் குரல் கேட்காமல் போகும். ஐபோனுக்கு அழுத்தக் காற்று வேண்டாம் என்று அதைத் தயாரிக்கும் ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. வாயால் ஊதுவதும் வேண்டாம், எச்சில் ஈரம் போகும்.

ஊசி, ஊக்கு, சிம் எடுக்கும் பின், பிளேடு நுனி எதுவும் கூடாது. டைப்-சியில் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை மில்லிமீட்டர்தான் தூரம். மின்சாரப் பின்னுக்கு அடுத்ததே பேசும் பின். இரும்பு நுனி இரண்டையும் சேர்த்துத் தொட்டாலும் கெடும், பின் மேல் உள்ள தங்கப் பூச்சைச் சுரண்டினாலும் கெடும். நெம்பினால் நடு நாக்கே ஒடிந்துவிடும். ஒடிந்தால் போர்ட்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

செக்கிங் டேபிளில் துணிக் கறை எடுக்க வைத்திருக்கும் கெமிக்கல், தின்னர், பெட்ரோல் எதையும் விடாதீர்கள். துணிக்கு நல்லதாக இருப்பது பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சானிடைசரில் தண்ணீரும் கிளிசரினும் இருப்பதால் அதுவும் ஆகாது.

காது குடையும் பட்ஸ் இந்த ஓட்டைக்குத் தடிமன். அதிலும் பஞ்சுதான் இருக்கிறது, உள்ளே பிய்ந்துகொண்டு நிற்கும்.

5. தேவையான சாமான்

பல்குச்சி, மென்மையான புதுப் பல்துலக்கும் பிரஷ், டார்ச்சுக்கு இன்னொரு போன், குச்சியைச் சீவ ஒரு பிளேடு. இவ்வளவுதான், ஐம்பது ரூபாய்க்குள் அடங்கிவிடும். கேமரா துடைப்பவர்கள் வைத்திருக்கும் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு கிடைத்தால் நல்லது, அதன் காற்று மெதுவானது, உலர்ந்தது.

பல்குச்சியை அப்படியே விடாதீர்கள். அது ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் தடிமன். போர்ட்டின் நாக்குக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. அப்படியே அழுத்தினால் நாக்குதான் வளையும். நுனியைப் பிளேடால் இரண்டு பக்கமும் சீவி, காகித அட்டை போலத் தட்டையாக, அரை மில்லிமீட்டர் வரும்படி ஆக்குங்கள். நுனியில் சிம்பு எழும்பியிருந்தால் நகத்தால் தேய்த்துவிடுங்கள், சிம்பு உள்ளே ஒடிந்து நின்றால் அது புது அடைப்பு. சீவிய நுனியிலிருந்து ஏழு மில்லிமீட்டரில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். போர்ட்டின் ஆழம் ஏறக்குறைய அவ்வளவுதான், கோட்டைத் தாண்டித் தள்ள வேண்டிய தேவை வராது.

6. பஞ்சை எடுக்கும் முறை

பொறுமையாகச் செய்தால் கால் மணி நேரம் ஆகும். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் செய்யாமல், ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள்.

போனை முழுதாக ஆஃப் செய்யுங்கள், ஸ்கிரீனை மட்டும் அணைத்தால் போதாது. கவரைக் கழற்றுங்கள். எடுத்த பஞ்சு கீழே விழும்படி ஓட்டை தரையைப் பார்த்து இருக்கட்டும். உள்ளே பார்க்க வேண்டும்போது மட்டும் திருப்பிக்கொள்ளுங்கள்.

முதலில் பிரஷ்ஷால் வாயோரத்தைத் தட்டிவிடுங்கள். பிறகு சீவிய குச்சியை ஓட்டையின் இரண்டு மூலைகளில் ஒன்றில் இறக்குங்கள். வளைந்திருக்கும் அந்த ஓரங்களில் பின் கிடையாது, இடமும் கொஞ்சம் அதிகம். குச்சியின் தட்டைப் பக்கம் வெளித் தகட்டோடு ஒட்டிப் போக வேண்டும். பின்கள் எல்லாம் நாக்கின் மேல்தான் இருக்கின்றன, அதனால் நாக்கின் மேல் சாய்க்காதீர்கள். அடியைத் தொட்டதும் குச்சியை லேசாகச் சுழற்றி வெளியே இழுங்கள். குத்தவும் வேண்டாம், நெம்பவும் வேண்டாம், உள்ளே போய் வெளியே இழுப்பது மட்டும்தான் வேலை.

முதல் சில இழுப்பில் ஒன்றுமே வராமல் இருக்கலாம். இறுகிய பஞ்சு ஒரு மூலையில் தளர்ந்துவிட்டால், அப்புறம் துண்டாகவே வெளியே வரும். ஒரு மூலை முடிந்ததும் அடுத்த மூலை, பிறகு நாக்கின் மேல் பக்க இடைவெளி, கீழ்ப் பக்க இடைவெளி. நடுநடுவே டார்ச் அடித்துப் பாருங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதைக் கையே சொல்லும். பஞ்சு இருக்கும்போது குச்சி அடியில் மெத்தென்று அமுங்கும். பஞ்சு போனதும் கெட்டியாக முட்டும், மேலே அமுங்காது. கெட்டியாக முட்டிய பிறகு சுரண்டாதீர்கள். கடைசியில் பிரஷ், இருந்தால் ரப்பர் பல்பு.

நிட்டிங் மெஷின் பக்கம் இருப்பவர்களுக்குப் பஞ்சோடு எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுவென்று இருக்கும். அப்போது மட்டும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் உதவும். எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர் விற்கும் கடையில் 99 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள், சின்ன பாட்டில் போதும். ஓட்டைக்குள் ஊற்றாதீர்கள். பிரஷ் நுனியில் ஒரு சொட்டு விட்டு, அதிகமானதைத் துணியில் துடைத்துவிட்டு, லேசாகத் தடவுங்கள். அரை மணி நேரம் காயவிட்ட பிறகே போனை ஆன் செய்ய வேண்டும். அது தீப்பிடிக்கும் பொருள், அடுப்பு பக்கத்திலோ அயர்ன் பாக்ஸ் பக்கத்திலோ வைத்து வேலை செய்யாதீர்கள்.

பழைய ஐபோனில், அதாவது 14 வரை உள்ளவற்றில், நடு நாக்கு கிடையாது. பின்கள் ஓட்டையின் உள்சுவரில் இருக்கின்றன, பஞ்சு பெரும்பாலும் அடிச் சுவரில்தான் இறுகும். குச்சியை நடுவில் இறக்கி, அடியை மட்டும் தொட்டு இழுங்கள், சுவரோரம் தேய்க்காதீர்கள். மைக்ரோ யூஎஸ்பியின் நாக்கு ரொம்ப மெல்லியது. அதற்குப் பிரஷ்ஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. கேபிளின் வாயையும் பாருங்கள்

பலர் விட்டுவிடும் இடம் இது. டைப்-சி கேபிளின் முனை உள்ளே குழிவாக இருக்கும், போர்ட்டில் இருந்த பஞ்சில் கொஞ்சம் அதிலும் போய் அடைந்திருக்கும். அதை எடுக்காமல் மறுபடி குத்தினால் பஞ்சு திரும்பவும் உள்ளே போகும், ஒரே வாரத்தில் பழைய கதை. சார்ஜரிலிருந்து கழற்றிவிட்டு, முனையைக் கீழே காட்டிப் பிரஷ்ஷால் தட்டுங்கள். உள்ளே மெல்லிய ஸ்பிரிங் பின்கள் இருப்பதால் குச்சியால் குடைய வேண்டாம். பின்கள் கறுத்திருந்தால் கேபிளையே மாற்றிவிடுங்கள்.

8. சரியாகிவிட்டதா என்று சோதியுங்கள்

போனோடு வந்த சார்ஜரில் போடுங்கள். டிக் என்று உட்காருகிறதா, தகடு மறைந்துவிட்டதா என்று பாருங்கள். போன் லாக் ஆகியிருக்கும்போது ஸ்கிரீனில் வரும் எழுத்தைப் படியுங்கள். சில போன்களில் `Charging slowly`, `Charging rapidly` என்று வரும், மற்றவற்றில் கம்பெனியின் வேகச் சார்ஜ் பெயரோ படமோ வரும். பிறகு ஸ்கிரீனை அணைத்து கால் மணி நேரம் விட்டு, எத்தனை சதவீதம் ஏறியது என்று குறியுங்கள். 33 வாட் சார்ஜரில் 5000 எம்ஏஎச் போன் பாதிக்குக் கீழே இருக்கும்போது, கால் மணியில் இருபது சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். அவன் போன் சுத்தம் செய்த பிறகு அப்படித்தான் ஏறியது. இரண்டு மூன்று சதவீதம்தான் ஏறுகிறது என்றால் பேசும் பின் இன்னும் தொடவில்லை. டார்ச்சோடு மூலைகளை மறுபடி பாருங்கள்.

9. எத்தனை நாளுக்கு ஒரு முறை

நிட்டிங், ஸ்பின்னிங், விசைத்தறிப் பக்கம் வேலை என்றால் மாதம் ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள், பஞ்சு தெரிந்தால் மட்டும் எடுங்கள். செக்கிங், பேக்கிங், ஆபீஸ் என்றால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை போதும். பஞ்சு இல்லாத போர்ட்டைச் சும்மா குடைவதால் தேய்மானம்தான் மிச்சம்.

வேலை நேரத்தில் போனை ஜிப் வைத்த சின்னப் பையில் போட்டு வையுங்கள், பாதிப் பஞ்சு அதிலேயே நின்றுவிடும். போன் வைக்கும் பாக்கெட்டை வாரம் ஒரு முறை வெளிப்புறமாகத் திருப்பி உதறுங்கள், பாக்கெட் மூலையில் திரளும் பஞ்சுதான் நேராக ஓட்டைக்குப் போகிறது. ரப்பர் மூடியும் விற்கிறார்கள். போர்ட்டைச் சுத்தம் செய்த பிறகு போட்டால் நல்லது, பஞ்சு இருக்கும்போது போட்டால் அதுவே உள்ளே தள்ளி இறுக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் நார் கம்பெனிகளில் இருப்பவர்கள் இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். நார்த்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அதில் உப்பும் இருக்கிறது. பஞ்சு அடைக்க மட்டுமே செய்கிறது, நார்த்தூளோ பின்னை அரித்துவிடும்.

10. இதற்கும் சரியாகாவிட்டால்

பின் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், நாக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், கேபிள் முழுதாக உட்கார்ந்தும் ஆடினால், இனிக் குச்சி வேலைக்கு ஆகாது. போர்ட் மாற்ற வேண்டும். பல போன்களில் போர்ட் அடியில் ஒரு தனிச் சின்ன போர்டில் இருக்கும், கடைகளில் சி.சி. போர்டு என்பார்கள். அதை மாற்ற மாடலைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை கேட்கிறார்கள், சாமான் கையில் இருந்தால் ஒரு மணி நேர வேலை. மெயின் போர்டிலேயே பற்றவைத்த போர்ட் என்றால் செலவும் நாளும் கூடும். இரண்டு கடையில் விலை கேட்ட பிறகே கொடுங்கள். "பேட்டரியும் சேர்த்து மாத்திடலாம்" என்று சொன்னால், முதலில் போர்ட்டை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

கொடுக்கும் முன் போட்டோ, நம்பர்களைப் பேக்கப் எடுத்து, சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். `*#06#` அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை எழுதி வையுங்கள். ரசீதில் அந்த எண், சொன்ன தொகை, மாற்றிய சாமானுக்கு எத்தனை நாள் கேரண்டி என்பது மூன்றும் இருக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது கடையிலேயே நின்று சார்ஜ் போட்டுப் பாருங்கள், அதோடு யாருக்காவது போன் செய்து பேசிப் பாருங்கள். மைக்கும் சில மாடல்களில் சிக்னல் ஒயரும் அந்தச் சின்ன போர்டில்தான் வருகின்றன. சார்ஜ் சரியாக ஏறினாலும் எதிர்முனைக்கு உங்கள் குரல் கேட்கவில்லை என்றால், பணம் கொடுக்கும் முன்பே அங்கேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.